‘முழுமையாக ஏற்கவில்லை’ என்றால் என்ன? கருத்துப் படிவத்தைத் தமிழாக்குவோர் கவனிக்க

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நாங்கள் நடத்தும் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையின் கருத்துப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஸ்ட்ராங்லி அக்ரீ’ முதல் ‘ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ’ வரை ஐந்து கட்டங்கள். நண்பர் ஒருவர் ‘முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை, ஏற்கவில்லை, முழுமையாக ஏற்கவில்லை’ என்று மொழிபெயர்த்துத் தந்தார். எங்கள் தலைமை அலுவலகம் இதை மற்ற மாநிலங்களின் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கணக்கிடும். இதை அப்படியே அச்சடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வரிசையில் ஐந்தாவது கட்டம் தவறு, மூன்றாவது ஐயத்துக்குரியது. மற்ற மூன்றும் நிற்கும்.

ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தமிழ்ப் படிவங்களில் அதிகம் புழங்கும் பிழை அதுதான். “நீங்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்கிறோம்? ஒரு பகுதியை அவர் ஏற்கிறார், சிலவற்றில் மட்டும் அவருக்கு மாற்றுக் கருத்து உண்டு என்றுதான். தமிழில் மறுப்பு வினைமுற்றின் கடைசியில் வந்து, முன்னால் நிற்கும் ‘முழுமையாக’ என்ற சொல்லையும் சேர்த்தே மறுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மறுப்பு வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதன் முன்னால் வரும் அடைமொழி மறுப்பின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. நம் மொழியில் அதே இடத்தில் வைத்த அடைமொழி மறுப்பைத் தளர்த்துகிறது. ஆகவே உங்கள் நண்பரின் வரிசையில் நான்காவது கட்டமான ‘ஏற்கவில்லை’ தெளிவான மறுப்பாகவும், அதற்கும் கீழே இருக்க வேண்டிய ஐந்தாவது கட்டம் அரைகுறை இசைவாகவும் நிற்கின்றன. பயிற்சியாளரைப் புண்படுத்தத் தயங்குகிறவர், சிறு குறையை மென்மையாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கு டிக் அடித்துவிடுவார்.

ஐந்து கட்டங்களும் ஒரே வரியில் கண்முன் இருந்தால் பலர் இடத்தை வைத்துப் பொருளை ஊகித்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் படிவத்தை ஒருவர் வாசித்துக் காட்டி இன்னொருவர் பதில் சொல்லும்போதோ, கைபேசித் திரையில் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போதோ அந்த உதவி கிடைக்காது. திருப்தியைக் கேட்கும் அளவுகோலிலும் இதே சிக்கல் உண்டு: ‘மிகவும் திருப்தியில்லை’ என்பது ‘அவ்வளவாகத் திருப்தியில்லை’ என்றும் ஒலிக்கும். அங்கே ‘மிகவும் அதிருப்தி’ என்று மறுப்பைப் பெயர்ச்சொல்லுக்குள் கொண்டுபோய்விட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ‘ஏற்கவில்லை’ என்பதற்கு அப்படி ஒரு வழி இல்லை. ‘மறுக்கிறேன்’ என்று போட்டால், குற்றச்சாட்டை மறுக்கும் தொனி வந்துவிடும். எனவே மறுப்போடு மட்டுமே வாழும் ஒரு சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும்: ‘சிறிதும் ஏற்கவில்லை’. ‘கொஞ்சமும்’, ‘துளியும்’, ‘அறவே’ ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான தாளில் முதல் இரண்டில் ஒன்று இயல்பாக இருக்கும்.

மேல் முனையில் ‘முழுமையாக ஏற்கிறேன்’ இருக்கட்டும் என்றேன். ஆனால் அது மூலத்தின் சரியான நிகர் என்று சொல்லவில்லை. மூலம் அழுத்தத்தைப் பேசுகிறது, தமிழ் அளவைப் பேசுகிறது. ஒரே ஒரு குறை மனத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் தயங்காமல் மேல் முனைக்குப் போவார். தமிழில் ‘முழுமையாக’ என்ற சொல் அவரை நிறுத்தி, ஒரு படி கீழே அனுப்பிவிடும். மாற்றாகச் சொல்லப்படுபவை இதைவிட மோசம். ‘வலுவாக ஏற்கிறேன்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘பெரிதும் ஏற்கிறேன்’ என்பது வெறும் ‘ஏற்கிறேன்’ என்பதைவிடக் குறைந்துவிடுகிறது, ஏனெனில் அடைமொழி இல்லாத ‘ஏற்கிறேன்’ ஏற்கெனவே எதையும் ஒதுக்கிவைக்காத சொல். ஜெர்மன் மொழிக் கணக்கெடுப்புகளிலும் இந்த இரு முனைகளுக்கு ‘முற்றிலும் உடன்படுகிறேன்’, ‘சற்றும் உடன்படவில்லை’ என்ற பொருள்படும் தொடர்களே பரவலாக உள்ளன. இரு முனைகளும் ஒரே அளவு கறாராக இருந்தால் போதும். மூலத்தைவிடச் சற்றுக் கறாரானவை என்பதைக் கணக்கிடும்போது சரிக்கட்டலாம். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுக் கட்டத்துக்கு ‘நடுநிலை’ என்று எழுதுவது சுருக்கமாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல எதுவும் இல்லை. தமிழில் நடுநிலை ஒரு நற்பண்பு. நீதிபதிக்கும் பஞ்சாயத்தாருக்கும் உரியது. அதைத் தேர்ந்தெடுப்பவர் தம் கருத்தைச் சொல்லவில்லை, தம் நடத்தையைச் சொல்கிறார். சிலர் ‘ஓரளவு ஏற்கிறேன்’ என்று போடுவார்கள். அது நடுப்புள்ளி அல்ல, இசைவின் பக்கம் சாய்ந்த சொல். அதைப் போட்டால் அளவுகோலில் மூன்று இசைவும் இரண்டு மறுப்பும் ஆகிவிடும். ‘கருத்து இல்லை’ என்பதும் வேறு பதில். அதற்கு 3 மதிப்பெண் கொடுப்பது நியாயமாகாது. “பிடிக்கும் என்றும் இல்லை, பிடிக்காது என்றும் இல்லை” என்று நாம் அன்றாடம் பேசும் வாக்கிய அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஏற்கிறேன் என்றும் இல்லை, ஏற்கவில்லை என்றும் இல்லை’. நீளம்தான். கட்டத்துக்குள் இரண்டு வரியாக மடித்து அச்சடித்தால் அடங்கிவிடும்.

கட்டங்களைச் சரிசெய்தாலும், அவை பொருந்த வேண்டிய வாக்கியம் பிசகினால் பயனில்லை. ‘கொடுத்த நேரத்துக்கு மீறிய பாடம் நடத்தப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கிலப் படிவத்தில் ஒரு குறை இருக்கும். அதைத் தமிழில் ‘நிறைய விஷயங்கள் கற்றுத் தரப்பட்டன’ என்று எழுதிவிடுகிறார்கள். குறை பாராட்டாக மாறிவிட, மகிழ்ந்தவர்களே ‘முழுமையாக ஏற்கிறேன்’ என்று குறிக்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் அது கடும் புகாராகப் பதிவாகிறது. ‘கொடுத்த நேரத்துக்குப் பாடம் அதிகமாகிவிட்டது’ என்றால் குறை குறையாகவே நிற்கும். இத்தகைய வாக்கியங்களை மறுப்பாகவும் எழுத வேண்டாம். ‘நேரம் போதவில்லை’ என்பதற்கு எதிரே ‘ஏற்கவில்லை’ வந்தால், நேரம் போதுமா போதாதா என்று படிப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கும்.

சரிபார்க்க, ஆங்கிலத்துக்கே திருப்பி மொழிபெயர்த்துப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ‘முழுமையாக ஏற்கவில்லை’ என்ற கட்டத்தைக் கொடுத்தால், கருத்துப் படிவங்களைப் பார்த்துப் பழகிய மொழிபெயர்ப்பாளர் வரிசையைப் பார்த்தவுடனே மூலத்தை ஊகித்து ‘ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ’ என்று எழுதித் தந்துவிடுவார். சோதனை வெற்றி, படிவம் பழுது. ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு 2002-இல் முதல் சுற்றை நடத்தியபோதே, இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, பிறகு குழுவாக அமர்ந்து ஒப்பிட்டு, முன்சோதனை செய்து, முடிவுகளை எழுதிவைக்கும் முறையைக் கைக்கொண்டது. அதில் உங்கள் அளவுக்கு ஏற்ற பகுதி முன்சோதனைதான்.

அதை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஐந்து கட்டங்களையும் எண் இல்லாமல் ஐந்து சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். பட்டறைக்கு வரப்போகிறவர்களைப் போன்ற எட்டுப் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அதிக இசைவிலிருந்து குறைந்த இசைவுக்கு அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் நண்பரின் சீட்டுகளைக் கொடுத்தால், ‘முழுமையாக ஏற்கவில்லை’ சிலர் கையில் ‘ஏற்கவில்லை’ என்பதற்கு மேலே போய் உட்காரும். ஓரிருவர் மாற்றி அடுக்கினாலும் அந்தச் சொல்லைக் கைவிட அதுவே போதுமான காரணம். அடுத்து, பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து, ஒவ்வொரு சீட்டும் கோட்டில் எங்கே விழும் என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எஸ்எஃப்-36 என்னும் உடல்நல வினாத்தாளை 1990-களில் பல மொழிகளுக்குக் கொண்டுபோனவர்கள் பதில் சொற்களின் இடைவெளியை இவ்வாறே கோட்டில் வைத்துச் சோதித்தார்கள். ஆங்கிலமும் தமிழும் நன்கு அறிந்த சிலரிடம் ஆங்கிலச் சீட்டுகளைக் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொன்னால், எந்தச் சொல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். இவ்வளவு குறைவானவர்களை வைத்துச் சராசரி போட வேண்டாம். அருகருகே ஒட்டிக்கொண்ட புள்ளிகளையும் இடம் மாறிய புள்ளிகளையும் பார்த்தால் போதும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூலத் தாளில் எண் இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள். ரேங்க் அட்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு 1 என்பது முதலிடம். மூலத்தில் 1 மிகக் குறைவு என்று இருந்து அதை விட முடியாவிட்டால், முனைகளில் மட்டுமன்றி ஒவ்வொரு எண்ணுக்கு அருகிலும் சொல்லை அச்சடியுங்கள். எல்லாவற்றுக்கும் 1 போட்டுவிட்டு, கீழே “பயிற்சி மிக அருமை” என்று எழுதியிருக்கும் தாள் வந்தால், அவர் வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.

இப்போது கறாரான முனையைச் சரிக்கட்டும் கணக்கு. ஒரு மாதிரிக்கு, முப்பது பேர் கொண்ட இரண்டு பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் படிவத்தில் 12 பேர் மேல் முனையையும், 14 பேர் அடுத்த கட்டத்தையும், 4 பேர் நடுவையும் குறிக்கிறார்கள், சராசரி 4.27. தமிழில் ‘முழுமையாக’ என்ற சொல் தயங்கவைத்ததால் 6 பேர் மேல் முனை, 20 பேர் ‘ஏற்கிறேன்’, 4 பேர் நடு, சராசரி 4.07. தமிழ்ப் பட்டறை பின்தங்கியதாக அறிக்கை சொல்லும். ஆனால் இரண்டிலும் ஏற்றவர்கள் 26 பேர்தான். மேல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள எல்லை அடைமொழியைப் பொறுத்து நகரும். ‘ஏற்கிறேன்’ என்பதற்கும் நடுக் கட்டத்துக்கும் இடையிலான எல்லை அந்த அளவுக்கு நகராது. எனவே மாநிலங்களை ஒப்பிடும் அட்டவணையில் சராசரிக்குப் பதிலாக, மேல் இரண்டு கட்டங்களையும் சேர்த்து எத்தனை விழுக்காட்டினர் என்று காட்டும்படி தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள். தமிழ்க் கட்டங்களின் இறுதி வடிவத்தையும், மேல் முனை மூலத்தைவிடக் கறாரானது என்ற குறிப்பையும் அந்த அட்டவணையின் அடியில் அச்சிடச் சொல்லுங்கள். சராசரியைத்தான் தருவோம் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால், தமிழ்ப் பட்டறைகளைத் தமிழ்ப் பட்டறைகளோடு மட்டும், சென்ற ஆண்டோடு இந்த ஆண்டாக ஒப்பிடலாம். அதற்கும் இந்த ஐந்து சொற்களை இடையில் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.