தலைக்கு மேலே மாடி எடுக்கும்போது கீழே குடியிருப்பவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் மேலே மாடி எடுக்கிறார். காலை ஐந்தரைக்கே இடிக்கிற சத்தம், வீடு முழுக்கத் தூசி, ஆறு வயதுப் பையனுக்கு வீசிங். படுக்கையறைக்கு நேர் மேலே மணலும் செங்கல்லும் குவித்திருக்கிறார்கள். சீலிங்கில் ஒரு கோடும் தெரிகிறது. இங்கே இருக்கலாமா சார்?

பதில்: முதலில் இன்று இரவு அந்த அறையில் படுக்காதீர்கள், பையனையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். சத்தமும் தூசியும் தொந்தரவு, ஆனால் எனக்குக் கவலை அந்த மணல்தான்.

மொட்டை மாடித் தளத்தை வடிவமைக்கும்போது, ஆட்கள் நடமாட, துணி காய வைக்க என்று சதுர அடிக்குச் சுமார் 14 கிலோதான் கணக்கில் எடுப்போம். எம்-சாண்ட் ஒரு கன அடி 45 கிலோ, ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அரை யூனிட் மணல், அதாவது 50 கன அடி, ஐந்தடிக்கு ஐந்தடி இடத்தில் இரண்டடி உயரம் குவிந்திருந்தால் சதுர அடிக்கு 90 கிலோ. கணக்கில் எடுத்ததைப் போல ஆறு மடங்குக்கு மேல். உடனே இடிந்துவிடும் என்று சொல்லவில்லை, தளத்துக்கு வேறு தாங்குதிறனும் உண்டு. ஆனால் பழைய தளத்தில் கம்பி துருப்பிடித்து அந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. குவியலை இன்றே கீழே இறக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் அறையின் நடுவை விட்டுச் சுவர், பீம் இருக்கும் வரிசைக்கு மேல் அரையடிக்கு மிகாமல் பரப்பச் சொல்லுங்கள். செங்கல்லுக்கும் இதே கதைதான், ஒரு கன அடி அடுக்கு கிட்டத்தட்ட மணல் எடையே வரும்.

அடுத்தது அந்தக் கோடு. இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கீறு போட்டுத் தேதி எழுதுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள். நான்கு நாளில் முனை தாண்டி நீண்டாலோ, அகலமானாலோ, அறையின் நடுவில் சீலிங் தொய்வாகத் தெரிந்தாலோ, நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்று இடித்தாலோ அறையைப் பூட்டிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைக்கச் சொல்லுங்கள். துண்டு துண்டாகச் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தால் நான்கு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி வரப்போகும் நாள் ஒன்று இருக்கிறது, புதுத் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். ஐந்து அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு 30 கிலோ. சென்ட்ரிங் தகடு, அதை முட்டுக் கொடுத்துத் தாங்கும் ஜாக்கி, ஆட்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் தலைக்கு மேல் இருக்கும் தளத்தில்தான் நிற்கும். மேலே ஜாக்கி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, உங்கள் வீட்டுக்குள்ளும் ஜாக்கி வைத்துத் தரைவரை எடையை இறக்குவதுதான் பாதுகாப்பான முறை. சின்ன வீடுகளில் இதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படி வைக்காவிட்டால், கான்கிரீட் போடும் நாளிலும் அதற்குப் பிறகு ஒரு வாரமாவது அந்த அறைகளில் யாரும் படுக்க வேண்டாம்.

தூசிக்கு, பழைய தட்டோடு பெயர்க்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே பெயர்க்க வேண்டும், பச்சை வலை கட்ட வேண்டும். பையன் அறை ஜன்னலுக்கு ஈரத்துணி போட்டுத் தினமும் ஈரமாகவே துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூசி மறுபடி கிளம்பும். வீசிங் கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள், அந்த வாரம் பாட்டி வீட்டுக்கு அனுப்பினாலும் நல்லதே.

கேள்வி: 55 டெசிபல் தாண்டினால் போலீஸில் சொல்லி வேலையை நிறுத்திவிடலாம், ராத்திரி எந்த வேலையுமே கூடாது. சட்டம் அப்படித்தானே?

பதில்: பாதி சரி. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக் கூடாது, மத்திய அரசின் ஒலி மாசு விதிகளில் இது இருக்கிறது. 55 என்பது பகல் நேரத்துக்கு அந்தப் பகுதியின் ஒலி அளவு, உங்கள் கைப்பேசி செயலியில் 70 காட்டியது என்பதற்காக வேலையை நிறுத்த மாட்டார்கள். மடிப்பாக்கத்துக்காரர் சொன்ன ஐந்தரை மணிக்கு இயந்திரம் வைத்து இடித்தால் அது தெளிவாகத் தவறு. நேரம் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு 100-க்குச் சொல்லலாம், மாநகராட்சி எண் 1913.

கேள்வி: நான் இருபது வருஷமாக மேஸ்திரி. தளம் போடும்போது பாதியில் நிறுத்து என்றால் ஜாயிண்டில் தண்ணீர் ஒழுகும். லாரி லேட்டாக வந்தால் நாங்கள் என்ன செய்வது? ஒரு ராத்திரி சத்தத்தைப் பொறுத்தால் வீடு நல்லா நிற்கும்.

பதில்: ஜாயிண்ட் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை லேசாக எடுக்கவில்லை. ஆனால் ஓர் அறையின் நடுப்பகுதியில் நேராகப் பலகை வைத்து நிறுத்தி, மறுநாள் சொரசொரப்பாக்கிக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றித் தொடரலாமே. காலை ஏழுக்கு ஆரம்பித்தால் 800 சதுர அடித் தளம் சாயங்காலத்துக்குள் முடியும். பதினொரு மணிவரை முதல் லாரிக்குக் காத்திருந்துவிட்டு இரவு பழியைக் கான்கிரீட் மேல் போடுவது சரியில்லை அண்ணே.

மேஸ்திரி மறுபடி: பலகை வைத்து நிறுத்திய இரண்டு வீட்டில் முதல் மழையிலேயே ஒழுகியது சார். நான் கண்ணால் பார்த்தது. பேப்பரில் எழுதுவது வேறு.

பதில்: ஒழுகியது பலகையாலா, பழைய முகத்தைக் கழுவாமல் ஊற்றியதாலா என்று வீட்டைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. கடைசி கால் மணி நேரத்து வேலைக்காகப் பத்து மணியைத் தாண்டினால் கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் குழந்தையை வேறு இடத்தில் தூங்க வைப்பார்கள். அதுகூட விதிக்குள் வராது, மனிதர் மனிதருக்குச் சொல்வது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் சொந்த வீடு 1988-ல் கட்டியது. மேலே மாடி எடுக்கலாமா? எவ்வளவு ஆகும்?

பதில்: இது குடியிருப்பவர் கேள்வி இல்லை, செலவு நான் சொல்லப்போவதில்லை. தூண் இருக்கிறதா, வெறும் செங்கல் சுவரா என்று பார்த்து, அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிக் காட்டி ஓர் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். மாடியில் நீட்டி விட்ட பழைய கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தால் அதிலேயே தூண் எழுப்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் சீலிங்கிலும் கோடு இருக்கிறது. ஆபத்தா?

பதில்: பென்சில், தேதி, நாணயம். முதல் பதிலில் இருக்கிறது. நான்காவது ஆளாகக் கேட்கிறீர்கள், தயவு செய்து மேலே படியுங்கள். மேலே மணல் குவித்திருக்கிறார்களா என்பதைத்தான் மடிப்பாக்கத்துக்காரர் தவிர யாருமே எழுதவில்லை, அதை முதலில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: வேலை முடியும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வாடகை பாக்கி என்று உங்களைக் காலி செய்ய வைக்க அதுவே காரணமாகிவிடும். குறைத்துக்கொள்ள எழுத்தில் கேளுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் போகலாம்.

மடிப்பாக்கத்துக்காரர் மறுபடி: மணலை இறக்கிவிட்டார்கள் சார். கோடு நீளவில்லை. ஆனால் ஹாலில் ஜாக்கி வைக்கச் சொன்னதற்கு, டைல்ஸ் உடையும் என்று வீட்டுக்காரர் மறுக்கிறார்.

பதில்: மணல் போனது பெரிய நிம்மதி. டைல்ஸ் உடையாமல் இருக்க ஜாக்கி அடியில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் பலகை போடச் சொல்லுங்கள், எடை பரவிவிடும். தளம் போட்ட ஏழாம் நாளுக்கு முன் மேலே ஜாக்கி எதையும் எடுக்கக் கூடாது, பீமுக்கு அடியில் 14 நாள். உங்கள் வீட்டுக்குள் இருப்பதை மேலே உள்ளவை போன பிறகுதான் எடுக்க வேண்டும். ஊற்றும் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், முந்தின நாளே என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.