ஆம்பியர் குறைந்தது, பில் ஏன் குறையவில்லை?

கேள்வி: மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பெட்டி என்று ஒருவர் விற்க வந்தார். சின்ன மோட்டார் ஒன்றை ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரை மாட்டினார், 0.5 ஆம்பியர் காட்டியது. பெட்டியைச் செருகியதும் 0.26. கண்ணால் பார்த்துதான் வாங்கினேன். மாதங்கள் ஓடிவிட்டன, பில் அப்படியே இருக்கிறது. மீட்டர் பொய் சொல்லுமா?

பதில்: மீட்டர் உண்மையைத்தான் சொன்னது. எதை அளந்து காட்டினால் நீங்கள் நம்புவீர்கள் என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை, கண்ணெதிரே முள் பாதிக்கு இறங்கினால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். இந்தப் பெட்டிகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. காசு கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன், பிரித்துப் பார்த்தால் ஒரு சின்ன விளக்கு, ஒரு ஃப்யூஸ், 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, வேறெதுவும் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாறுமின்னோட்டத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கி, திசை மாறி, மறுபடி ஏறுகிறது. அப்படி ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. ஹீட்டர் மாதிரி வெறும் தடையாக இருக்கும் பொருளில் மின்னோட்டமும் அதே நேரத்தில் ஏறி இறங்கும். மோட்டாரில் சுருள் இருப்பதால் மின்னோட்டம் பின்தங்கி வரும். எத்தனை டிகிரி பின்தங்குகிறதோ அதுதான் கட்டக் கோணம், φ என்று எழுதுவார்கள். அந்தக் கோணத்தின் கொசைன்தான் பவர் ஃபேக்டர்.

உங்களுக்குக் காட்டிய மோட்டாரில் கோணம் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமையில்லாமல் ஓடும் சின்ன மோட்டாரில் இது சாதாரணம். cos 60° = 0.5. அதாவது ஓடுகிற 0.5 ஆம்பியரில் மின்னழுத்தத்தோடு சேர்ந்து நடந்து வேலை செய்யும் பங்கு 0.25 ஆம்பியர். அப்படியானால் மிச்சம் இன்னொரு 0.25 என்று கழித்துவிடாதீர்கள். இரண்டு பங்கும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருப்பவை. மற்றப் பங்கு 0.5 × sin 60°, அதாவது 0.43 ஆம்பியர். அது மோட்டாரின் காந்தப்புலத்துக்குள் போய், கால் சுற்று கழித்து அப்படியே லைனுக்குத் திரும்பி வருகிறது. மொத்தத்தில் அது எந்த ஆற்றலையும் செலவழிப்பதில்லை.

கெப்பாசிட்டரின் மின்னோட்டம் இதற்கு நேர் எதிர், மின்னழுத்தத்துக்கு 90 டிகிரி முன்னே ஓடும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 5 மைக்ரோஃபாரட் இழுப்பது 0.36 ஆம்பியர். ஆகவே லைனிலிருந்து வர வேண்டிய அந்த 0.43, பெட்டியைச் செருகியதும் 0.07 ஆகிவிடுகிறது, மற்றதெல்லாம் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே போய் வருகிறது. 0.25-ஐயும் 0.07-ஐயும் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கமாகப் போட்டால் கர்ணம் 0.26. நீங்கள் பார்த்த எண் இதுதான்.

இப்போது வாட்டைப் பாருங்கள். முன்பு 230 × 0.5 × 0.5, ஏறக்குறைய 57 வாட். பெட்டிக்குப் பிறகு பவர் ஃபேக்டர் 0.96 ஆகிவிட்டது, 230 × 0.26 × 0.96, அதே 57 வாட். வீட்டு மீட்டர் பெரும்பாலும் எண்ணுவது வாட்-மணியைத்தான். கிளாம்ப் மீட்டருக்குப் பதில் வாட் காட்டும் மீட்டரை மாட்டியிருந்தால் எண் அசைந்தே இருக்காது. அதைத்தான் அவர் மாட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் புகார் கொடுங்கள், விளம்பரத் தாளில் “பில் குறையும்” என்று அச்சடித்திருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோணம் 60 என்று போட்டு கொசைன் எடுத்தால் கால்குலேட்டர் −0.95 என்கிறது. பவர் ஃபேக்டர் இப்படி வருமா?

பதில்: வராது. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் தண்ணீர் மோட்டாருக்குக் கட்டக் கோணம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தால் சரியான கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டு செலவைக் குறைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆசிலோஸ்கோப் ஒன்று நண்பரிடம் இருக்கிறது.

பதில்: ஆசிலோஸ்கோப்பை வீட்டு லைனில் நேராக மாட்டாதீர்கள். அதன் புரோபில் இருக்கும் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, லைவ் கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகும், உங்கள் கையிலேயே வெடிக்கலாம். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டுகிற மீட்டர் ஒன்று போதும், மோட்டாரின் ஆம்பியரைத் தாங்கக்கூடியதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

230 வோல்ட், 6 ஆம்பியர், 976 வாட் என்று காட்டுகிறது என்போம். 230 × 6 = 1380 வோல்ட்-ஆம்பியர். 976-ஐ 1380-ஆல் வகுத்தால் 0.707. கால்குலேட்டரில் cos⁻¹ அழுத்தினால் 45 டிகிரி. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், ஆகவே உங்கள் மோட்டாரில் மின்னோட்டம் 2.5 மில்லிசெகண்ட் பின்தங்குகிறது. ஸ்கோப்பில் பார்க்க நினைத்தது இந்த இடைவெளியைத்தான்.

கோணத்தை 18 டிகிரிக்குக் கொண்டுவர (பவர் ஃபேக்டர் 0.95) எவ்வளவு கெப்பாசிட்டர் வேண்டும்? வாட்டை இரண்டு டேன்ஜென்ட்களின் வித்தியாசத்தால் பெருக்க வேண்டும்: 976 × (tan 45° − tan 18°), சுமார் 660 வார். வார் என்பது வேலை செய்யாமல் போய்வரும் பங்கின் வோல்ட்-ஆம்பியர். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 40 மைக்ரோஃபாரட். லைன் மின்னோட்டம் 6-லிருந்து 4.5 ஆம்பியருக்கு இறங்கும். மேலே சொன்ன பெட்டியை இங்கே மாட்டினால் 5.75-க்குத்தான் இறங்கும். சின்ன மோட்டாரை வைத்துக் காட்டியதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் வேறு. 976 வாட் 976 வாட்டாகவே இருக்கும். மிச்சம் வருவது கம்பி சூடாவதில் மட்டும்: போகவர உள்ள கம்பியின் தடை அரை ஓம் என்றால் முன்பு 18 வாட் வீணானது, இப்போது 10 வாட். எட்டு வாட் மிச்சம், ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் கெப்பாசிட்டர் மோட்டார் பக்கத்திலேயே இருந்தால்தான். மீட்டர் பக்கத்தில் மாட்டினால் வீட்டுக் கம்பியில் அதே 6 ஆம்பியர்தான் ஓடும், அந்த எட்டும் கிடைக்காது. செலவு குறைய வேண்டுமானால் பம்ப்பின் செயல்திறனையும் குழாயின் விட்டத்தையும் பாருங்கள்.

கேள்வி: 1000 VA யூபிஎஸ் வாங்கினேன். என் சாமான்கள் எல்லாம் சேர்ந்து 800 வாட்தான். கரன்ட் போன உடனே யூபிஎஸ்ஸும் கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், 600 W என்றோ அதை ஒட்டியோ இருக்கும். வோல்ட்-ஆம்பியர் என்பது கோணத்தைக் கணக்கில் எடுக்காத பெருக்கல், வாட் என்பது எடுத்த பிறகு வருவது. யூபிஎஸ்ஸுக்கு இரண்டிலும் தனித்தனி வரம்பு உண்டு, எதைத் தாண்டினாலும் அணையும். வாங்கும் முன்பு ஒரு நிமிடம் அந்த வரியைப் படித்திருக்கலாம். நான் வாங்கிய ஒன்றில் வாட் எண்ணே வெளியில் இல்லை, உள்ளே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அப்படி மறைத்திருந்தால் சண்டை போட உங்களுக்கு நியாயம் உண்டு. வெளியிலேயே அச்சடித்திருந்தால் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: 10 வாட் எல்ஈடி பல்பில் பவர் ஃபேக்டர் 0.5 என்று போட்டிருக்கிறது. பாதி மின்சாரம் வீணா? 20 வாட்டுக்குக் காசு கட்டுகிறேனா?

பதில்: இல்லை. 10 வாட்டுக்குத்தான் கட்டுகிறீர்கள்.

இந்த 0.5-ஐப் பார்த்துக் கோணம் 60 டிகிரி என்று கணக்குப் போட்டுவிடவும் கூடாது. மலிவான பல்பின் உள்ளே இருக்கும் சுற்று, மின்னழுத்தம் உச்சத்துக்கு வரும் கொஞ்ச நேரத்தில் மட்டும் மின்னோட்டத்தைச் சட்டென்று இழுத்துவிட்டு மற்ற நேரம் சும்மா இருக்கும். பின்தங்குவது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அலையின் வடிவமே கெட்டுப்போயிருக்கிறது. கொசைன் கணக்கு சரியாக வருவது இரண்டும் சீரான சைன் அலையாக இருக்கும்போதுதான். மற்ற இடங்களில் வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுப்பது ஒன்றே வழி, அதற்கும் மெய்யான ஆர்எம்எஸ் காட்டும் மீட்டர், அதாவது அலை கெட்டிருந்தாலும் சரியாக அளக்கும் மீட்டர் வேண்டும். கெப்பாசிட்டர் போட்டு இதைச் சரிசெய்யவும் முடியாது. வீட்டில் பத்து பல்பு போடுகிறவர் இதற்குக் கவலைப்பட வேண்டாம், கட்டடம் முழுக்கப் போடுகிறவர் 0.9-க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்கட்டும்.

கேள்வி: சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், பில்லில் பவர் ஃபேக்டருக்கு அபராதம் வருகிறது. கெப்பாசிட்டர் எல்லாமே ஏமாற்று என்று எழுதுவீர்களா?

பதில்: எழுத மாட்டேன். உங்களுக்கு அது தேவை. அபராதமோ, கேவிஏ என்கிற ஆயிரம் வோல்ட்-ஆம்பியர் கணக்கில் கட்டணமோ இருக்கிற இடத்தில் கோணத்தைக் குறைத்தால் பணம் நிஜமாகவே மிஞ்சும். 10 கிலோவாட் சுமை 45 டிகிரியில் ஓடினால் 14.1 கேவிஏ, 18 டிகிரிக்கு வந்தால் 10.5. அதற்கு சுமார் 6.75 கேவிஏஆர், அதாவது 6750 வார், கெப்பாசிட்டர் வேண்டும்.

பெரிதாகவே போட்டுவிடுவோம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். இயந்திரங்கள் நின்ற பிறகும் கெப்பாசிட்டர் லைனில் இருந்தால் மின்னோட்டம் முன்னே ஓட ஆரம்பிக்கும், பவர் ஃபேக்டர் மறுபடி கெடும், சில கட்டண முறைகளில் அதற்கும் அபராதம் உண்டு. மோட்டாரோடு சேர்ந்தே ஏறி இறங்கும்படி இணைக்கச் சொல்லுங்கள், அல்லது படிப்படியாகச் சேர்த்து விலக்கும் தானியங்கிப் பலகை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இல்லாத கெப்பாசிட்டரை வாங்காதீர்கள், மெயினை அணைத்த பிறகும் அதன் முனையைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். வெல்டிங் இன்வெர்ட்டரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நிறைய இருந்தால், எதையும் வாங்கும் முன்பு அலை வடிவத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரி லைனில் சாதாரணக் கெப்பாசிட்டர் சூடாகி உப்பிவிடும்.