பில்லுல உள்ள சிஜிஎஸ்டி தொகைய 0.09-ஆல வகுத்து பாருங்க, தப்பு தானா தெரியும்

கேள்வி: சார், நான் சின்னதா எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கேன். டீலர் வாட்ஸாப்ல பில்லோட ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பிட்டு 29,029 ரூபா போடச் சொல்றாரு. கால்குலேட்டர்ல நான் கூட்டுனா ஒவ்வொரு தடவையும் வேற வேற தொகை வருது. தப்பு அவர் பக்கமா என் பக்கமானு எப்படி கண்டுபுடிக்கிறது? படத்த இணைச்சிருக்கேன்.

பதில்: படத்த பெருசாக்கி பாத்தேன். தப்பு உங்க பக்கம் இல்ல. பில்லுலயே ரெண்டு தப்பு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு தப்பு, அதனாலதான் மொத்தத்துல இருந்து பின்னாடி போய் தேடுனா எதுவும் பிடிபடல. கீழ உள்ள மொத்தத்த முதல்ல மறந்துடுங்க, மேல இருந்து ஒவ்வொரு வரியா வாங்க.

முதல் வரி வயர் காயில், 12 காயில், ஒண்ணு 1,480. பெருக்குனா 17,760. 5% தள்ளுபடி 888 போக 16,872. பில்லுலயும் அதேதான், ஓகே. ரெண்டாவது எல்இடி பல்பு, 60 பீஸ், 72.50 ரேட், தள்ளுபடி இல்ல, 4,350, இதுவும் சரி. மூணாவது சுவிட்ச், 150 பீஸ், 23.40 ரேட், பெருக்குனா 3,510, அதுல 10% தள்ளுபடி 351 போனா 3,159 வரணும். பில்லுல 3,195னு இருக்கு.

வித்தியாசம் 36. இது 9-ஆல மீதி இல்லாம வகுபடுதுல்ல, அப்படி வந்தாலே பழைய கணக்குப்பிள்ளைங்க முதல்ல சந்தேகப்படுறது பக்கத்து பக்கத்து எண் இடம் மாறிடுச்சோனுதான். கடைசி ரெண்டு எண் மாறுனா வித்தியாசம் எப்பவுமே 9 பெருக்கல் அந்த ரெண்டு எண்ணோட வித்தியாசமா வரும். இங்க 9-க்கும் 5-க்கும் நடுவுல 4, நாலு ஒம்பது 36. அதாவது 59-ங்கறத 95னு அடிச்சிருக்காங்க.

ஆனா அவசரப்பட்டு டீலருக்கு போன் போட்டுடாதீங்க. இது ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸாப்ல வரும்போது படம் சுருங்கி 3-ம் 8-ம் ஒண்ணு போல தெரியும், 5-ம் 6-ம் குழம்பும், புள்ளி காணாமயே போயிடும், நீங்களே தப்பா படிச்சிருக்கலாம். அத சரி பாக்க அந்த பில்லே போதும். வரிக்கு முந்தின மதிப்புனு கீழ ஒரு கூட்டுத்தொகை இருக்கும், உங்க பில்லுல அது 24,417. 16,872, 4,350, 3,195 மூணையும் கூட்டுனா அதேதான் வருது. 3,159 வெச்சு கூட்டுனா 24,381தான் வரும். ஆக நீங்க படிச்சது சரி, பில்லுல நிஜமாவே 3,195 தான் இருக்கு. பில்லிங் சாஃப்ட்வேர்ல தன்னால பெருக்கிக்கிட்டா இப்படி எண் இடம் மாற வழியில்ல, எக்செல்ல போடுற பில்லுல அந்த ஒரு கட்டத்துல மட்டும் கையால தொகைய அடிச்சிருப்பாங்க, கீழ கூட்டல் ஃபார்முலா அந்த தப்பையும் சேத்து ஒழுங்கா கூட்டிருக்கும்.

இப்ப வரிக்கு வருவோம், பெரிய தொகை போறது இங்கதான். சிஜிஎஸ்டி 9%, எஸ்ஜிஎஸ்டி 9%, ரெண்டுலயும் 2,305.80 போட்டிருக்காங்க. ரெண்டும் சமமா இருக்குறதால பாக்க சரியா தெரியும். ஆனா 24,417-க்கு 9% போட்டா 2,197.53தான். அப்ப இந்த 2,305.80 எங்கருந்து வந்துச்சு? இந்த இடத்துல நிறைய பேரு வரிய திரும்ப திரும்ப போட்டு பாத்துட்டு விட்டுடுவாங்க. நீங்க தலகீழா போங்க, வரித்தொகைய 0.09-ஆல வகுங்க. 25,620 வரும். இதுதான் அவங்க எந்த தொகை மேல வரி போட்டாங்களோ அந்த தொகை. இப்ப மூணு பொருளுக்கும் தள்ளுபடிக்கு முந்தின தொகைய கூட்டுங்க, 17,760, 4,350, 3,510. சரியா 25,620. தள்ளுபடி குடுத்தாச்சு, ஆனா வரிய தள்ளுபடிக்கு முந்தின விலைக்கு போட்டிருக்காங்க.

ஜிஎஸ்டி சட்டம் 15-ம் பிரிவுல, சப்ளைக்கு முன்னாடியோ சப்ளை நேரத்துலயோ குடுத்து பில்லுலயே காட்டுன தள்ளுபடி வரி போடுற மதிப்புல சேராது. அதனால இது உங்களுக்கு வர வேண்டிய பணம். தள்ளுபடி மொத்தம் 888-ம் 351-ம் சேந்து 1,239, அதுக்கு 18% 223.02. இந்த தொகைதான் வரியில கூடுதலா போயிருக்கு.

சரியான கணக்கு இப்படி வரும். மதிப்பு 24,381, அதுக்கு 9% 2,194.29, ரெண்டும் சேந்து 4,388.58, மொத்தம் 28,769.58, ரவுண்ட் பண்ணா 28,770. டீலர் கேக்குறது 29,029. வித்தியாசம் 259 ரூபா, அதுல 36 சுவிட்ச் தொகையில, மீதி 223 ஜிஎஸ்டியில, ஒரு ரூபா கூட விளக்கம் இல்லாம நிக்கல. இப்படி வித்தியாசம் முழுசும் கணக்குல உக்காந்தாதான் வேலை முடிஞ்சதா அர்த்தம், பாதி மட்டும் புரிஞ்சா இன்னொரு தப்பு எங்கயோ ஒளிஞ்சிருக்குனு எடுத்துக்கங்க.

மாசம் பத்து பில் வருதுன்னா எக்செல்ல ஒரு ஷீட் வெச்சுக்கங்க. B-ல எண்ணிக்கை, C-ல ரேட், D-ல தள்ளுபடி சதவீதம், முதல் ஃபார்முலாவ E2-ல போட்டு கீழ இழுத்துடுங்க, ரெண்டாவது ஃபார்முலா சிஜிஎஸ்டிக்கு, எஸ்ஜிஎஸ்டியும் அதே தொகைதான்:

```
=ROUND(B2*C2*(1-D2/100),2)
=ROUND(SUM(E2:E4)*9%,2)
```

இது எல்லா பொருளும் 18%ல இருந்தாதான் ஒத்து வரும், வேற வேற ரேட் கலந்த பில்லுன்னா ஒவ்வொரு ரேட்டுக்கும் தனியா கூட்டி வரி போடணும்.

ஒரு விஷயத்துல மட்டும் டீலர்கிட்ட சண்ட போடாதீங்க, சில்லற பைசா. வரியோட சேத்து பேசுன விலைய சாஃப்ட்வேர் 1.18-ஆல வகுத்து ரேட் கட்டத்துல காட்டும், 85 ரூபா பல்புக்கு 72.03னு தெரியும், ஆனா உள்ள 72.0339 இருக்கும். 60 பீஸுக்கு நீங்க பெருக்குனா 4,321.80, பில்லுல 4,322.03. இது தப்பு இல்ல. ரேட்ட ரெண்டு தசமத்துக்கு சுருக்குனா ஒரு பீஸுக்கு அதிகபட்சம் அரை பைசாதான் விலகும், அதனால எண்ணிக்கைய அரை பைசாவால பெருக்குங்க, 60 பீஸுக்கு 30 பைசா. அதுக்குள்ள இருந்தா விட்டுடலாம், தாண்டுனா கேளுங்க.

படத்து மேல நீங்களே திருத்தி 28,770 போட்டு அனுப்பிடாதீங்க. முதல்ல பிடிஎஃப் கேளுங்க, அதுலயும் இதே எண்கள் இருந்தா சுவிட்ச் தொகையையும் 25,620 கணக்கையும் எழுதி அனுப்புங்க. அவர் இன்னும் ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை ரிட்டர்ன ஃபைல் பண்ணலன்னா பில்ல திருத்தி குடுத்துடுவாரு, பண்ணிட்டாருன்னா 34-ம் பிரிவுல கிரெடிட் நோட் போடணும், மதிப்புல 36-ம் அதிகமா போட்ட வரி 223.02-ம் அதுல தனித்தனியா இருக்கணும். நீங்க ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் ஆனவரா இருந்தா அந்த நோட் உங்க இன்புட் கிரெடிட்ட காட்டுற ஜிஎஸ்டிஆர்-2பி-ல வந்திருக்கானு பாருங்க, வந்ததும் முதல்ல எடுத்த இன்புட் கிரெடிட்ல அந்த 223.02-ஐ திருப்பிக் காட்டணும், அத விட்டுட்டா பின்னாடி வட்டியோட கேப்பாங்க.