மேலிருந்து எடுக்கும் சமையல் வீடியோ: ஆர்ம் இறங்காமல், நிழல் விழாமல்

கேள்வி: சாப்பாட்டு மேஜையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து, ட்ரைபாடில் குறுக்கு ஆர்ம் மாட்டி, போனைக் கவிழ்த்து சமையல் வீடியோ எடுக்கிறேன். ஆர்ம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஒருமுறை ட்ரைபாடே சாய்ந்துவிட்டது. சட்டி கோணலாகவும் ரொம்பப் பெரிதாகவும் தெரிகிறது. என் கை நிழலும் தலை நிழலும் சாப்பாட்டின் மேலேயே விழுகின்றன. வேலைக்குப் போவதால் ராத்திரியில்தான் எடுக்க முடியும். வேறு ஸ்டாண்டு வாங்க வேண்டுமா?

பதில்: அநேகமாகத் தேவைப்படாது. ட்ரைபாட் சாய்வது எடை பிரச்சினை, அதை ஒரு மணல் பையால் சரிசெய்துவிடலாம். மற்றவற்றுக்கும் இருப்பதை வைத்தே வழி உண்டு: சட்டி பெரிதாகத் தெரிவது போன் மிக அருகில் இருப்பதால், நிழல் விழுவது விளக்கு இருக்கும் இடத்தால்.

முதலில் ட்ரைபாட். மேஜையில் நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதை நிறுத்துங்கள். மூன்று கால்களில் ஒன்று மேஜைக்கு அடியில், ஆர்ம் நீளும் அதே திசையில் போக வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு கால்களுக்கு நடுவே ஆர்மை நீட்டினால், சாய்வதற்கான எல்லை அந்த இரண்டு பாதங்களையும் இணைக்கும் கோடு. அது நடுத்தண்டுக்கு மிக அருகிலேயே இருக்கும். ஒரு கால் ஆர்முக்கு நேர் கீழே இருந்தால் அந்தப் பாதம் வரை பிடிமானம் கிடைக்கும்.

அடுத்தது எதிர் எடை. அதைக் கணக்குப் போட்டே வைத்துவிடலாம். ஆர்ம் நடுத்தண்டிலிருந்து 60 செ.மீ. முன்னால் நீள்கிறது என்று கொள்வோம். போன் 200 கிராம், ஹோல்டர் 150 கிராம், ஆக 350. அதை 60-ஆல் பெருக்கினால் 21,000. முன்பக்கம் நீளும் குழாயின் எடை 300 கிராம் என்றால், அது தன் நீளத்தின் பாதியில், அதாவது 30 செ.மீ.யில் இருப்பதாகக் கணக்கு: 9,000. மொத்தம் 30,000. பின்பக்கம் 25 செ.மீ. நீட்டிய முனையில் பையைத் தொங்கவிட்டால், 30,000-ஐ 25-ஆல் வகுத்து 1,200 கிராம் வருகிறது. துணிப்பையில் ஒன்றேகால் கிலோ மணல் போதும். தண்ணீர் பாட்டிலும் ஆகும், ஆனால் அது ஆடிக்கொண்டே இருக்கும். எதைத் தொங்கவிட்டாலும் ஒரு கயிற்றால் ட்ரைபாட் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். எடுத்து முடித்துப் போனைக் கழற்றுகையில் ஒரு கையால் ஆர்மைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மணல் பை பின்பக்கத்தை இழுத்து, முன்முனை மேலே எகிறும்.

இவ்வளவு செய்த பிறகும் முனை மெல்ல இறங்கினால், குழாயைப் பிடிக்கும் இணைப்பு நழுவுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் குழாயைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பரை ஒரு சுற்று சுற்றி, மறுபடி திருகுங்கள். ஸ்பிரிங் ஹோல்டரை மட்டும் நம்பி சூடான எண்ணெய்க்கு மேல் போனைத் தொங்கவிட வேண்டாம். திருகி இறுக்கும் ஹோல்டரே நல்லது. அதோடு போன் கவரின் ஓட்டை வழியாக ஒரு கயிறு கோத்து ஆர்மில் கட்டிவிடுங்கள்.

இனி உயரம். சட்டி பெரிதாகத் தெரிவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் வைத்த சட்டியின் விளிம்பு மேஜையிலிருந்து 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் மேஜைக்கு 50 செ.மீ. மேலே இருந்தால், விளிம்புக்கும் லென்ஸுக்கும் 30 செ.மீ.தான் மிச்சம். மேஜையில் 80 செ.மீ. அகலத்தைக் காட்டும் அதே ஃபிரேம் சட்டியின் விளிம்பு மட்டத்தில் 48 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் கிண்ணங்கள் பொடியாகவும் சட்டி பூதாகாரமாகவும் தெரிகின்றன. கரண்டி பிடித்த கை இன்னும் மேலே இருப்பதால் அது இன்னும் பெரிதாகத் தெரியும். போனை 100 செ.மீ.க்கு உயர்த்தி, ஜூம் செய்து அதே 80 செ.மீ.யைக் காட்டினால், விளிம்பு மட்டத்தில் 64 செ.மீ. கிடைக்கும். சட்டி சட்டியாகவே தெரியும். ஆவியும் எண்ணெய்த் துளியும் லென்ஸில் படிவதும் குறையும்.

75 செ.மீ. உயர மேஜைக்கு இது தரையிலிருந்து 175 செ.மீ. உங்கள் ட்ரைபாட் அதைவிடக் குட்டையாக இருந்தால் 85 அல்லது 90 செ.மீ.யில் நிறுத்துங்கள், அதுவே நல்ல மாற்றத்தைக் காட்டும். நடுத்தண்டை முழுக்க மேலே இழுப்பதைவிடக் கால்களை நீட்டி உயர்த்துவதே உறுதி. ஜூம் இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டாம். 4K-யில் எடுத்து 1080p-யில் வெளியிட்டால் அந்த அளவு ஜூமில் தரம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ரா வைட் லென்ஸை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அது ஓரத்தில் இருக்கும் வட்டக் கிண்ணங்களை முட்டை வடிவத்துக்கு இழுத்துவிடும்.

கோணலைச் சரிசெய்ய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். பின்பக்கம் தட்டையான சிறு கண்ணாடியை ஃபிரேமின் நடுவில் மேஜை மேல் படுக்க வையுங்கள். கேமராவில் கட்டக் கோடுகளை வரவழைத்துத் திரையைப் பாருங்கள். கண்ணாடிக்குள் தெரியும் லென்ஸ் நடுக் கட்டத்தின் மையத்தில் வர வேண்டும். போனின் நடுப்பகுதியை அல்ல, லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். அது மையத்துக்கு வந்துவிட்டால் கேமரா மேஜைக்குச் செங்குத்தாக இருக்கிறது. மேஜையே லேசாகச் சரிந்திருந்தாலும் இந்த முறை பிசகாது, ஏனென்றால் படத்தில் தெரியப்போவது தரை இல்லை, மேஜைதான். ரசமட்டத்தில் இந்த வசதி இல்லை.

போன் கவிழ்ந்திருக்கும்போது திரை மேலே பார்க்கும், அதுவும் உங்கள் தலைக்கு மேலே. சமைக்கும்போது ஃபிரேம் எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே மேஜையிலேயே அடையாளம் வையுங்கள். ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஃபிரேமின் நான்கு மூலைகளுக்கும் இரண்டு செ.மீ. வெளியே மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டுங்கள். அடுப்பின் முன்விளிம்பு டேப்புக்கு இணையாக இருக்கட்டும். சட்டி விளிம்பு மட்டத்தில் ஃபிரேம் சுருங்கும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் உயரமான பாத்திரங்களை டேப் ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். இதே வீடியோவை நெட்டுவாக்கில் வெட்டி ஷார்ட்ஸாகவும் போடுவதாக இருந்தால், 80 செ.மீ. அகலத்தில் நடுவிலுள்ள 25 செ.மீ. மட்டும்தான் அதில் மிஞ்சும். அந்த இரண்டு கோடுகளையும் மேஜையின் ஓரத்தில் குறித்து, சட்டியை அதற்கு நடுவில் வையுங்கள்.

உங்கள் கைகள் ஃபிரேமின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டும். பார்ப்பவருக்குத் தானே சமைப்பதுபோல இருக்கும். கவிழ்ந்த போனுக்குத் தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பது தெரியாமல் போகலாம், படம் தலைகீழாகவோ நெட்டுவாக்கிலோ பதிவாகிவிடும். ஐந்து நொடி எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தலைகீழாக வந்தால் கவலையில்லை, எடிட்டிங்கில் 180 பாகை திருப்பிவிடலாம்.

கடைசியாக வெளிச்சம். ராத்திரியில் எடுப்பதில் ஒரு சௌகரியம், வெளிச்சம் முழுக்க உங்கள் கையில். தலை நிழல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ட்யூப் லைட்டிலிருந்துதான் வருகிறது. வீடியோ எடுக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். 20 வாட் நான்கடி எல்.இ.டி. பேட்டன் இரண்டு வாங்கி, ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அதை உங்கள் இடப்பக்கத்தில், சற்று எதிர்ப்பக்கம் தள்ளி, சட்டியைவிட உயரமாக நிறுத்தி, முன்னால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டுங்கள். வலது கையால் கிளறும்போது நிழல் சாப்பாட்டின் மேல் விழாமல் வலப்பக்கம் விலகிப் போகும். இடது கைக்காரராக இருந்தால் விளக்கை வலப்பக்கம் வையுங்கள்.

எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். ஒரு சின்ன விளக்கு ஃபிரேமின் நடுவிலிருந்து 60 செ.மீ.யில் இருந்தால், 80 செ.மீ. ஃபிரேமின் இடது ஓரம் அதற்கு 20 செ.மீ.யிலும் வலது ஓரம் 100 செ.மீ.யிலும் இருக்கும். தூரம் ஐந்து மடங்கு என்றால் வெளிச்ச வித்தியாசம் 25 மடங்கு. அதையே 150 செ.மீ.க்குத் தள்ளினால் 110-ம் 190-ம் ஆகிறது, வித்தியாசம் மூன்று மடங்குதான். நீளமான பேட்டனில் வித்தியாசம் இதைவிடக் குறையும். வலப்பக்கம் ஃபிரேமுக்கு வெளியே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிமிர்த்தி வைத்தால் மிச்சமும் சமனாகும். சரிபார்க்க நான்கு மூலைகளிலும் நான்கு வெள்ளைத் தாள்களை வைத்து ஒரு படம் எடுங்கள். இடப்பக்கத் தாள் வெளுத்து, வலப்பக்கத் தாள் சாம்பலாகத் தெரிந்தால் விளக்கு இன்னும் அருகில் இருக்கிறது.

படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், அது மின்சாரத்தின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தினால் பட்டை மறையும். மங்கலாக்கும் டிம்மர் உள்ள விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கக்கூடும், அவற்றை முழு வெளிச்சத்தில் வைத்தே எடுங்கள். மின்விசிறி விளக்குக்குக் கீழே சுற்றினாலும் நிழல் வெட்டி வெட்டி ஓடும், ஆர்மும் நடுங்கும். அதையும் அணைக்கத்தான் வேண்டும்.

வெளிச்சம் அமைந்த பிறகு, சட்டியை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே எழுதிக் காட்டும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு முறை கை உள்ளே வரும்போதும் ஃபோகஸ் கைக்குத் தாவும், வெள்ளைத் தேங்காய்த் துருவலைக் கொட்டியதும் மொத்தப் படமும் இருண்டுவிடும். மேஜை மட்டத்தில் அல்ல, சட்டிக்குள் இருக்கும் பொருளின் மட்டத்தில் பூட்டுங்கள்.

எவர்சில்வர் தட்டு இன்னும் தொல்லை தரும். அது நேர் மேலே இருப்பதைத்தான் பிரதிபலிக்கும், அதாவது போனையும் ஆர்மையும். தட்டை ஃபிரேமின் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போனின் கறுப்புப் பிம்பம் விலகும். தாளிக்கும் காட்சியை மட்டும் மேலிருந்து எடுக்காமல், ஆர்மைப் பக்கவாட்டில் திருப்பி 45 பாகையில் சாய்த்து எடுங்கள். கடுகு வெடிக்கும்போது எண்ணெய் மேலேயும் தெறிக்கும்.