முதல் அரை மணி நேரம் அச்சு அசல், மத்தியானம் வேறு ஆள்

கேள்வி: "சார், டியோர் சோவாஜ் மாதிரியே இருக்கும்னு ஒரு க்ளோன் பெர்ஃப்யூம் வாங்கினேன். கடையில் அடிச்சுப் பார்த்தப்ப அச்சு அசல். மத்தியானம் சட்டையை முகர்ந்தால் வேற ஏதோ வாசனை. ஏமாத்திட்டாங்களா, இல்ல எல்லா க்ளோனும் இப்படித்தானா?"

ஏமாற்றவில்லை. ஒத்துப்போகும் பகுதியைக் கடையில் முகர்ந்தீர்கள், ஒத்துப்போகாத பகுதியை மத்தியானம் முகர்ந்தீர்கள், அவ்வளவுதான்.

ஒரு பாட்டிலுக்குள் பல பொருட்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஆவியாகும். சோவாஜ் (2015-ல் வந்தது, டியோருக்காக பிரான்ஸ்வா தெமாஷி செய்தது) அடித்தவுடன் மூக்கில் ஏறுவது பெர்கமாட் என்கிற எலுமிச்சை இனப் பழத்தின் வாசனை. அதில் பெரும்பங்கு லிமோனீன், லினலைல் அசிடேட், லினலூல். இவை லேசான மூலக்கூறுகள், சீக்கிரம் பறந்துவிடும், அதனால்தான் முதலில் தெரிகின்றன. வாசனை மூலப்பொருள் விற்கும் எவரிடமும் கிடைக்கும், விலையும் குறைவு. பட்ஜெட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் க்ளோன்காரர் இந்த இடத்தில் சொதப்ப மாட்டார், ஏனென்றால் கடையில் வியாபாரம் முடிவது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நகல் எடுக்கும் வழியும் இதற்கே சாதகம். ஒரிஜினலில் ஒரு துளியை ஜிசி-எம்எஸ் என்ற கருவியில் செலுத்தினால் உள்ளே இருப்பவற்றைப் பிரித்து, எது எவ்வளவு என்று பட்டியல் போட்டுத் தரும். லேசான, பிரபலமான மூலக்கூறுகள் அதில் பளிச்சென்று தெரியும். ஆனால் பச்சோலி, வெட்டிவேர் மாதிரி இயற்கை எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஏராளமான கூறுகள் உண்டு, அவை பட்டியலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ரொம்பக் கொஞ்சமாகச் சேர்த்தாலும் வாசனையையே மாற்றக்கூடிய சில பொருட்கள் வேறு இருக்கின்றன, அவை கருவியின் கண்ணில் படாமலே போகலாம். இந்த ஓட்டைகளை மூக்கை வைத்து அடைக்க வேண்டும், அதற்கு நாளும் ஆகும், காசும் ஆகும்.

சோவாஜின் அடித்தளம் அம்ப்ராக்ஸான். திமிங்கில அம்பருக்கு மாற்றாகச் செய்யும் பொருள், உப்பும் மரமும் கலந்தது போல ஒரு கதகதப்பு. இதில் ரகசியம் எதுவும் இல்லை, எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வாங்கலாம். ஆனால் எலுமிச்சை வாசனைப் பொருட்களோடு ஒப்பிட்டால் விலை கூடுதல், தாராளமாகவும் போட வேண்டும். அங்கேதான் சிலர் கையைக் கட்டிக்கொள்வார்கள். அளவைக் குறைத்துவிட்டு, நார்லிம்பனால் போன்ற துளி போட்டாலே நாள் முழுக்க நிற்கிற மர வாசனைப் பொருளைச் சேர்ப்பார்கள். "எட்டு மணி நேரம் நிற்கும்" என்று விளம்பரமும் செய்யலாம், பொய் இல்லை. ஆனால் அது மூக்கைக் கீறுகிற, காய்ந்துபோன மாதிரி வாசனை. நீங்கள் மத்தியானம் பிடித்த அந்த "வேற ஏதோ" பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

போன மாதம் ஒரு க்ளோனையும் ஒரிஜினலையும் இரண்டு காகிதப் பட்டையில் அடித்து மேஜையில் வைத்தேன். பத்து நிமிடத்தில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நாற்பதாவது நிமிடம் க்ளோனில் எலுமிச்சை சட்டென்று விழுந்தது, ஒரிஜினலில் மிளகும் லாவெண்டரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஐந்து மணி நேரம் கழித்து ஒரிஜினலில் மெல்லிய கதகதப்பு, க்ளோனில் பென்சில் சீவின தூள் மாதிரி ஒரு காய்வு. மறுநாள் காலையில் ஊர் பேர் தெரியாத இரண்டு தனி பெர்ஃப்யூம்கள்.

சரி, லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர்கள்தானே என்று கேட்பார்கள். அதில் தனியாக எழுதுவது ஒவ்வாமை தரக்கூடியவற்றை மட்டும்: லிமோனீன், லினலூல், சிட்ரால் இந்த மாதிரி. மிச்சமெல்லாம் "வாசனைப் பொருள்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும். பாட்டிலை ஒரு மாதம் இருட்டில் வைத்தால் சரியாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள், ஸ்பிரிட் காரம் கொஞ்சம் அடங்கலாம், உள்ளே போடாத பொருள் தானாக முளைக்காது.

இன்னொரு விஷயம், அம்ப்ராக்ஸானும் சில கஸ்தூரி வகைப் பொருட்களும் கொஞ்ச நேரத்தில் நம் மூக்குக்குப் பழகிவிடும், சிலருக்கு முதலிலிருந்தே சரியாகத் தெரியாது. அதனால் "ஒரிஜினல் நிற்கவே இல்லை, க்ளோன்தான் நிற்கிறது" என்று தோன்றினால், வெளியிலிருந்து வருகிற ஒருவரிடம் கையை நீட்டி முகரச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது கடையில் பட்டையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். பட்டையில் பெயரும் நேரமும் எழுதி வையுங்கள். ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம், மறுநாள் காலை என்று மூன்று முறை முகருங்கள். நம் ஊர் வெயிலில் எலுமிச்சைப் பகுதி இன்னும் சீக்கிரம் போய்விடும் என்பதால் நான்காவது மணியில் தோலில் என்ன இருக்கிறதோ, அதோடுதான் நாள் முழுக்கக் குடும்பம் நடத்தப் போகிறீர்கள். அது பிடித்திருந்தால் வாங்குங்கள், ஒரிஜினலோடு ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வாங்கிய பாட்டிலை, சாயங்காலம் அரை மணி நேரம் போய்வருகிற இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.