பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிந்தால்?

"தாத்தா கோத்தகிரியிலிருந்து எழுதிய பழைய கடிதங்களைத் தட்டச்சு செய்கிறேன். தாள் மிக மெல்லியது, இருபக்கமும் எழுத்து. போனில் எடுத்த படத்தில் பின்பக்கமும் சேர்ந்து தெரிகிறது. எது இந்தப் பக்கத்து எழுத்து, எதை விடுவது?"

தாளைப் பக்கவாட்டில் திருப்பி எழுதியிருந்தால், பின்பக்கத்து எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித்தான் தெரியும். 'ட'வின் வால் இடப்பக்கம் போகும், கையெழுத்தின் சாய்வும் எதிர்ப்புறம் விழும். அதனால் முழுச் சொற்கள் அவ்வளவாக ஏமாற்றாது. ஏமாற்றுவது திருப்பினாலும் மாறாத வடிவங்கள்: 'ப', 0, 8, சில கைகளில் 1. எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி. பேனா அழுத்தி நின்ற இடத்தில் மை ஊறி இந்தப் பக்கம் பொட்டாக வரும், அது ஒரு 'ன' மேல் விழுந்தால் 'ன்' ஆகிவிடும். பழைய கைகளில் பலர் புள்ளியே வைப்பதில்லை. உங்கள் தாத்தா அந்த ரகமா என்று தெளிவான நாலு வரியில் முதலில் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பதுதான் வழி. நான் பார்த்த ஒரு கடிதத்தில் 'ரூபாய் 150 அனுப்பினேன்' என்று இருந்தது. 0 மட்டும் பழுப்பாக, ஓரம் கலங்கி இருந்தது. தாளின் வல ஓரத்திலிருந்து 4 செ.மீ., மேலிருந்து 9 செ.மீ. அப்படியானால் பின்பக்கத்தில் அதே 9 செ.மீ. இறங்கி, இட ஓரத்திலிருந்து 4 செ.மீ.யில் பார்க்க வேண்டும். அங்கே '1960' என்ற ஆண்டின் கடைசி 0 கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அனுப்பியது வெறும் 15 ரூபாய். தாள் கையில் இல்லையென்றால், பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி இதனுடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுபடி படம் எடுக்க முடிந்தால், தாளுக்கு அடியில் பளபளப்பில்லாத கறுப்புச் சார்ட் தாளை வையுங்கள். வெள்ளைப் பின்னணி ஒளியைத் திருப்பி அனுப்பிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும், கறுப்பு அதை விழுங்கிவிடும். படம் சற்று இருட்டாக வரும், பரவாயில்லை. ஆனால் இது தாளினூடே தெரியும் எழுத்துக்குத்தான் மருந்து. ஊறி வந்த மை இந்தப் பக்கத்திலேயே படிந்திருக்கிறது, அதற்கு இது உதவாது. ஸ்கேன் செயலிகளின் கறுப்பு-வெள்ளை வடிகட்டியை மட்டும் தொடாதீர்கள். மங்கல் எழுத்தையும் நிஜ எழுத்தையும் ஒரே கறுப்பாக்கி, நிறத்தால் பிரித்தறியும் வழியையே அடைத்துவிடும். தாள் கோத்தகிரிப் பக்கத்து மழைக்கால ஈரத்தைக் குடித்திருந்தால் மை இன்னும் பரவியிருக்கும், நிறத்தை விட்டால் வேறு துப்பே இருக்காது.

இரண்டு பக்கத்து மையும் ஒரே எழுத்தின் மேல் விழுந்து அளந்தும் பிரியவில்லை என்றால், பொருளை வைத்து ஊகித்து நிரப்பாமல் அந்த எழுத்துக்கு மட்டும் [?] போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.