ஐந்து தலைக்குப் பிறகு என்ன விழும்? கணக்கு ஆசிரியரிடம் கேள்வி பதில்

கேள்வி: சார், பத்தாவது படிக்கும் என் மகளின் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 3-வது, 5-வது கணக்கில் சிவப்புச் சுழி. ‘தப்பு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எங்கே தப்பு என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

பதில்: வணக்கம் அம்மா. 3-வது கணக்கு இதுதான்: சீரான நாணயம் தொடர்ந்து 5 முறை தலை விழுந்திருக்கிறது, 6-வது முறையும் தலை விழ நிகழ்தகவு என்ன? 1/64 என்று எழுதியிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த 1/64-க்கு அடியில் ரப்பரால் அழித்த 1/2 மங்கலாகத் தெரிகிறது. முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அப்புறம் சந்தேகம் வந்து, ஓரத்தில் 1/2-ஐ ஆறு முறை பெருக்கி, விடையை மாற்றிவிட்டாள்.

பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. ஒரு முறைகூடச் சுண்டாமல், “ஆறும் தலையாகவே விழுமா?” என்று கேட்டால் 1/64. இங்கே ஐந்து ஏற்கெனவே விழுந்து முடிந்துவிட்டது. ஐந்து தலை, ஆறாவது பூ என்ற வரிசைக்கும் அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அதுவும் 1/64 தான் வரும். இரண்டு வரிசையும் சமம் என்றால், ஆறாவதில் தலைக்கும் பூவுக்கும் பாதிப் பாதிதானே? விடைக்குக் கீழே ‘இனி பூ விழத்தான் வாய்ப்பு அதிகம்’ என்று ஒரு வரி வேறு எழுதியிருக்கிறாள். ‘சூதாடியின் பிழை’ என்று கணிதத்தில் சொல்வது இந்த நினைப்பைத்தான்.

5-வது கணக்கில் நேர் எதிராகத் தப்பு செய்திருக்கிறாள். பையில் 3 சிவப்புப் பந்து, 2 நீலப் பந்து. ஒரு சிவப்பை எடுத்தாயிற்று, திரும்பப் போடவில்லை. அடுத்ததும் சிவப்பாக இருக்க 3/5 என்கிறாள். பையில் மிச்சம் 4 பந்து, அதில் சிவப்பு 2. விடை 1/2. ஒன்றும் மாறாத நாணயம் மாறிவிட்டதாக நினைத்தவள், நிஜமாகவே மாறிய பையைக் கவனிக்கவில்லை. “போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் பொருளில் என்ன மாறியது?” என்று கேட்டுக்கொண்டு அடுத்த கணக்கைத் தொடச் சொல்லுங்கள். அழித்த 1/2-ஐப் பார்த்திருந்தால் டீச்சரும் ‘தப்பு’ என்பதோடு ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்.

கேள்வி: நிறைய தடவை சுண்டினால் பாதிப் பாதி வரும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? அப்படியென்றால் பூ அதிகமாக விழுந்து ஈடுகட்டித்தானே ஆக வேண்டும்? அந்தப் பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பதில்: முதல் பாதி சரி, ‘ஈடுகட்டி’ என்பதுதான் இடறுகிறது. 5 தலை விழுந்தாயிற்று. இன்னும் 100 முறை சுண்டினால் சராசரியாக 50 தலை, 50 பூ. மொத்தம் 105-ல் 55 தலை, அதாவது 52.4%. 100-க்குப் பதில் 1000 முறை சுண்டினால் 1005-ல் 505 தலை, சுமார் 50.2%. விகிதம் பாதியை நெருங்குகிறது, ஆனால் கூடுதலாக இருந்த அந்த 5 தலையை யாரும் கழிக்கவில்லை. பெரிய எண்ணிக்கையில் அது கரைந்துபோகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். நாலாவது கண்டிப்பாகப் பையன்தான் என்கிறார் என் அத்தை. இதுவும் அந்தக் கணக்குதானா?

பதில்: அதேதான். 1814-இல் வெளியான தன் நிகழ்தகவுக் கட்டுரையில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மகனுக்கு ஏங்கும் அப்பாக்கள், தங்களுக்குக் குழந்தை பிறக்கவிருக்கும் மாதத்தில் ஊரில் ஆண் குழந்தைகள் பிறந்த செய்தியைக் கேட்டாலே கலங்குவார்களாம், தங்கள் பங்கு தீர்ந்துவிடும் என்று! பொதுவாக 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கிறது. அதனால் ஆணுக்கு வாய்ப்பு பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்று அக்காக்கள் இருப்பதால் அது கூடுவதில்லை. சில தம்பதிகளுக்கு ஒரே பாலில் பிறக்கும் சாய்வு உண்டா என்று ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் இருக்கிறது. அப்படி ஒரு சாய்வு இருந்தாலும் அது நாலாவதும் பெண் என்ற பக்கம்தான் சாயும், அத்தை சொல்லும் பக்கம் இல்லை.

கேள்வி: என் பையன் 10 தடவை சுண்டினான், 9 தலை. அடுத்து பூவில் பந்தயம் கட்டலாமா?

பதில்: பந்தயமே வேண்டாம்! ஆனால் சந்தேகப்பட்டே ஆக வேண்டுமென்றால் தலைப் பக்கம் சந்தேகப்படுங்கள், நாணயம் கோணலாக இருக்கலாம். வீட்டுப்பாடத்தில் ‘சீரான நாணயம்’ என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் பையனின் நாணயத்துக்கு யாரும் அப்படி உத்தரவாதம் தரவில்லை. அதே சமயம், 40 பேர் வகுப்பில் ஆளுக்கு 10 முறை சுண்டினால், யாராவது ஒருவருக்காவது ஒரே பக்கம் 9 அல்லது 10 முறை விழ பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதனால் இன்னும் 100 முறை சுண்டச் சொல்லுங்கள். 50-ஐ ஒட்டி வந்தால் விட்டுவிடலாம். 90 தலை வந்தால் அந்த நாணயத்தை என்னிடம் காட்டுங்கள். 60 வந்தால் என்ன சொல்வது என்பதில் எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒத்த கருத்து கிடையாது.